குமிழி நகரவில்லை

தாவரவியல் பட்டம் வாங்கியவள் நான். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் செல்போன் போர்டுகளைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து நல்லது, கெட்டது பிரிக்கிறேன். படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். அந்தப் படிப்பு ஒரே ஒருத்திக்குப் பயன்பட்டது, அவள் என் ரூம்மேட்.

ராமநாதபுரம் பக்கத்துப் பெண். ப்ளஸ் டூ முடித்தவள்தான், ப்ளஸ் ஒன்னில் உயிரியல் மட்டும் அரியர். அதைத் தேறினால்தான் நர்சிங் சேர முடியும். அதுவரைக்கும் எங்கள் கம்பெனி லைனில் நின்று ஸ்க்ரூ போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய டீச்சர் பயிற்சித்தாள் ஒன்றைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கோணலாக எடுத்த போட்டோ, டீச்சரின் கட்டைவிரலும் அதில் இருந்தது. சைலம், ஃபுளோயம், நீராவிப்போக்கு என்று வரிசையாகக் கேள்விகள். நடுவில் ஒரு கருவியின் படம், கீழே ‘போட்டோமீட்டர்’.

“வெளிச்சத்தை அளக்குற கருவி” என்று எழுதி வைத்திருந்தாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. “போட்டோன்னா வெளிச்சம்னு நீங்கதானேக்கா சொன்னீய?”

தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே போட்டோதான். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. “இது வேற போட்டோடி. இதுக்குக் குடிக்கிறதுன்னு அர்த்தம். செடி எவ்வளவு தண்ணி குடிக்குதுன்னு அளக்குறது.”

“அப்ப எங்கப்பாவுக்கு ஒன்னு மாட்டணும்க்கா” என்றாள். இந்த முறை இரண்டு பேரும் சிரித்தோம்.

படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தால் மறந்துபோகும் என்று, ஞாயிற்றுக்கிழமை செய்தே காட்டினேன். மெடிக்கல் ஷாப்பில் ட்ரிப்ஸ் ஏற்றும் டியூப் வாங்கினோம். ஹாஸ்டல் வாசல் புங்கை மரத்தில் ஒரு கிளை ஒடித்து, அதன் அடியைப் பக்கெட் தண்ணீருக்குள் வைத்தே மறுபடி வெட்டினோம். வெளியே வெட்டினால் சைலத்துக்குள் காற்று புகுந்து தண்ணீர் ஏறாது. நிரப்பிய டியூப்பில் கிளையைச் செருகி, மேலே வாசலின் பூசி, மறுமுனையை டம்ளர் தண்ணீரில் விட்டோம். அந்த முனையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் காற்றை உள்ளே விட்டு மறுபடி அமிழ்த்தியதும் டியூப்புக்குள் ஒரு குமிழி நின்றது. வார்டன் அம்மா எட்டிப் பார்த்து, “இன்னாமே, ஆஸ்பத்திரி மாதிரி மரத்துக்குப் பாட்டில் ஏத்திக்கினு கீறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

குமிழி மெல்ல கிளையை நோக்கி நகர்ந்தது. ஃபேன் போட்டதும் வேகம் கூடியது. “குடிக்குதுக்கா! குடிக்குது!” என்று அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஆவியாகப் போவதை இது நேராக அளக்காது, உறிஞ்சுவதைத்தான் அளக்கும், கொஞ்சம் தண்ணீரைச் செடி தனக்கென்று வைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பாஸாகிவிடுவாள் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

பரீட்சைக்குச் சில நாள் முன்பு ஊரிலிருந்து போன் வந்தது. அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், ஈரல் கெட்டுவிட்டது. சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் அவளை ஏற்றிவிட்டேன். “அங்கனயே உக்காந்து படிச்சு எழுதிருவேன்க்கா” என்றாள். அப்படித்தான் படித்தாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, டீச்சர் அனுப்பிய அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்பாள். சைலம் ஏன் தண்ணீரை மேலே மட்டும் கொண்டுபோகிறது, ஃபுளோயம் எப்படி உணவை இரண்டு பக்கமும் கொண்டுபோகிறது என்று. லைனில் போனுக்கு அனுமதி இல்லை. டீ பிரேக்கில் லாக்கரைத் திறந்து பதில் போடுவேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் ஒரே ஒரு மெசேஜ் வந்திருந்தது. “அக்கா குமிழி நகரல. ஏன்?”

நல்ல கேள்வி என்று சந்தோஷப்பட்டேன். பிரேக் முடிவதற்குள் அவசரமாக அடித்தேன்: “இலை வாடியிருக்கும். இல்லன்னா காத்துல ஈரம் ஜாஸ்தியா இருக்கும். ஃபேன் போட்டா நகரும்னு எழுது.”

ஷிப்ட் முடிந்து, நன்றாக எழுது என்று சொல்வதற்காகக் கூப்பிட்டேன். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது.

“நாளைக்குக் காலைல எடுக்குறாங்கக்கா” என்றாள். பரீட்சை ஆரம்பிக்கிற நேரம் அது.

பிறகு அவளே சொன்னாள். “நான் அப்பாவோட ட்ரிப்ஸ் டியூப்பைத்தான்க்கா கேட்டேன். ஃபேனு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.”