காலனிக்கும் வயலுக்கும் நடுவே ஏரி

மாத்தளையில் நில அளவையாளர் ஒருவரிடம் நான் வேலை செய்கிறேன். யட்டவத்தப் பக்கம் மிளகுத் தோட்டங்களுக்கு எல்லைக் கல் நடுவதுதான் பெரும்பாலும் என் வேலை. அது திருச்சிக்கு அப்பால் ஓர் ஆடிட்டர் அறையில் உதவும் என்று நான் நினைத்ததில்லை.

திருச்சிப் பக்கம் இருக்கும் என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். மாத்தளையிலிருந்து கப்பலேறிப் போனவர். சிறிய நகராட்சி ஒன்றின் வெளியே, தாயகம் திரும்பியோருக்குக் கட்டிய காலனியில் குடியேறினார். பிறகு சொந்த உழைப்பில் வயல் வாங்கினார். பெரியம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டி வந்தது. அந்த அலைச்சலைக் குறைக்க, வயலை விற்று, ஆசுபத்திரிக்குப் பக்கத்தில் வீடு வாங்க முடிவு செய்தார். நான் அவர்களைப் பார்க்கப் போயிருந்த வாரத்தில்தான் அந்தப் பேச்சு ஆடிட்டரிடம் போனது.

ஆடிட்டர் நடுத்தர வயதுப் பெண், நிதானமாகப் பேசுபவர். வயல் நகரத்திலிருந்து போதிய தூரத்தில் இருந்தால் அது மூலதனச் சொத்தே ஆகாது, விற்ற லாபத்துக்கு வருமான வரி கிடையாது என்றார். பக்கத்து நகராட்சியின் மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தாண்டி ஒரு லட்சத்துக்குள் இருந்ததால் இரண்டு கிலோமீட்டர்தான் கணக்கு. அதற்குள் இருந்தால் வரி உண்டு. வரி கட்டினால் வீட்டுக்குப் பணம் போதாது.

பெரியப்பா சிரித்துவிட்டார். "பஸ் ஸ்டாண்டுல இருந்து அஞ்சு கிலோமீட்டருங்க. டிக்கெட்டே எடுத்துக் காட்டுறேன்."

"பஸ் போற வழி வேணாங்க ஐயா. நகராட்சி எல்லையிலருந்து நேர்கோட்டுல அளக்கணும், காக்கா பறக்கிற மாதிரி. முன்னாடி ரோட்டுக் கணக்கு பேசுவாங்க, இப்ப சட்டமே மாத்திட்டாங்க."

கணினியில் படத்தைத் திறந்து கோடு இழுத்தார். ஒன்றே முக்கால் கிலோமீட்டர் காட்டியது. பெரியப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. திரையில் ஊன்றியிருந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன். அது காலனித் தெருவில் இருந்தது.

இதில் ஆடிட்டரின் தவறு எதுவும் இல்லை. வயல் எங்கே என்று கேட்டால் காலனிக்காரர்கள் எல்லாரும் காலனி முகவரியைத்தான் சொல்வார்கள். பிறந்த ஊரை விட்டுவந்து ஒன்றாகக் குடியேறியவர்களுக்கு வீடு, வயல், கோயில் எல்லாம் அந்த ஒரு பெயருக்குள்தான். பெரியப்பாவும் அப்படியே சொல்லியிருந்தார். வயலோ ஏரிக்கு அந்தக் கரையில், வேறொரு வருவாய்க் கிராமத்தில் இருந்தது. பத்திரத்தில் அது தெளிவாக எழுதியிருந்தது; யாரும் அதைப் படத்தோடு ஒப்பிடவில்லை.

என் மனதில் வழக்கமான வரிசை ஓடியது: சர்வே எண், வயலின் எல்லையும் அளவும் காட்டும் புலப்பட நகல், நகராட்சியின் இப்போதைய எல்லை, வயலின் மிகக் கிட்டிய மூலை. கடைசி அம்சத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. தூரமான மூலையிலிருந்து அளந்து ஜெயிப்பது அளவை ஆகாது.

மறுநாள் பெரியப்பாவோடு ஏரிக்கரையில் நடந்தேன். சேற்றில் செருப்பு சிக்கிக்கொண்டது. "மாத்தளைல சேறே இல்லையா புள்ள, இப்படி நடக்குற?" என்றார். கிட்டிய மூலைக் கல்லில் நின்று கைபேசியில் இடத்தைப் பதிந்தேன். ஆடிட்டர் அறையில் நகராட்சியின் எல்லை வரைபடத்தோடு சேர்த்து அளந்தபோது இரண்டரை கிலோமீட்டரை நெருங்கியது.

ஆடிட்டர் மகிழ்ந்தார், ஆனால் என் அளவை ஏற்கவில்லை. "நாளைக்கு அதிகாரி கேட்டா, மாத்தளைல இருந்து வந்த தங்கச்சி அளந்தாங்கன்னு சொல்ல முடியாதுங்க." தாசில்தார் அலுவலகச் சான்று வேண்டும், தொடர்ந்து பயிர் வைத்ததைக் காட்டும் அடங்கலும் வேண்டும் என்றார். அந்தக் கறாரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அரசு நில அளவையர் வந்து, நான் நின்ற மூலைக் கல்லிலேயே நின்று அளந்தார். சான்று கிடைக்கும் முன்பே நான் மாத்தளைக்குத் திரும்பிவிட்டேன்.

பெரியப்பா சான்றைப் படமெடுத்து அனுப்பினார். அப்போது கலேவெலப் பக்கம் வேலையில் இருந்தேன். வெயிலில் திரை தெரியாமல் பஸ் தரிப்பிடத்து நிழலுக்குப் போய்ப் படித்தேன். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விவசாய நிலம் என்று இருந்தது. அதன் பிறகுதான் ஆடிட்டர் வயலை விற்றுப் பத்திரம் பதியச் சம்மதித்தார்.

புது வீட்டிலிருந்து பெரியம்மாதான் முதலில் கூப்பிட்டார். ஆசுபத்திரிக்கு நடந்தே போய்வந்தாராம்.

"எவ்வளவு தூரம் பெரியம்மா?"

"பறக்கிற தூரத்தை உங்க காக்காவைத்தான் கேக்கணும். எனக்கு ரோட்டுல நடந்து ரெண்டு தடவதான் மூச்சு வாங்குச்சு."

முன்பெல்லாம் காலனி வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே அவர் இரண்டு முறை மூச்சு வாங்கி நின்றுவிடுவார்.