பதினைந்தால் பெருக்கப்பட்ட ரத்தம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மாதம், மேற்குத் தாம்பரத்தில் எங்கள் லேபுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அந்த நோயை உண்டாக்கியது எங்கள் லேப்தான். நான் அப்போது அங்கே சர்க்கரை, யூரியா, மஞ்சள் காமாலை பார்க்கும் டெக்னீஷியன். ரத்தப் பிரிவு என்னைவிட நான்கு வருடம் மூத்த ஒருவரிடம் இருந்தது. அவரை எல்லோரும் சீனியர் என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் திரும்ப மாட்டார்.

முதலாளி லேப் தொடங்குவதற்கு முன் மருந்துக் கம்பெனிகளில் விற்பனைப் பிரதிநிதியாகப் பை தூக்கியவர். ரத்தத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அது சிவப்பு என்பது மட்டும். பக்கத்து கிளினிக் டாக்டரோடு அவருக்கு நல்ல ஒட்டுறவு. டாக்டர் ஆள் அனுப்புவார், இவர் ரிப்போர்ட் அனுப்புவார்.

ஹீமோகுளோபின் பார்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெளிர்மஞ்சளாக ஒரு திரவம், பழுப்பு பாட்டிலில் வெளிச்சம் படாமல் இருக்கும். ஃபெரிசயனைடும் சயனைடும் கலந்தது. அதில் ஐந்து மில்லி எடுத்து, கைவிரலில் குத்தி எடுத்த ரத்தம் இருபது மைக்ரோலிட்டர் சேர்த்துக் கலக்க வேண்டும். ஃபெரிசயனைடு ரத்தத்தின் நிறப்பொருளை மாற்றும், மாறியதைச் சயனைடு பிடித்துக்கொள்ளும். சில நிமிடம் விட்டால் கலையாத ஒரு நிறம் நிற்கும். பச்சை ஃபில்டர் போட்டு கலரிமீட்டரில் அளந்தால், நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு ஹீமோகுளோபின். அந்தத் திரவத்தைச் சீனியர் கண்ணாடிக் குழாயில் வாய் வைத்துத்தான் உறிஞ்சி எடுப்பார். வாய் வைக்காமல் உறிஞ்ச ரப்பர் பல்பு வாங்கி வைத்திருந்தது, அதன் மேல் தூசி படிந்திருந்தது. சயனைடை இளநீர் மாதிரி உறிஞ்சும் ஆளிடம் கணக்கில் மட்டும் ஜாக்கிரதையை எதிர்பார்த்தால் நம்மைத்தான் சொல்ல வேண்டும்.

மீட்டர் காட்டும் எண் தானாக ஒன்றும் சொல்லாது. அளவு தெரிந்த ஒரு ஸ்டாண்டர்டை அதே மீட்டரில் பார்த்து, அதோடு ஒப்பிட வேண்டும். அது இதே நிறத்தில் தயாராக பாட்டிலில் வரும். எங்களுக்கு வந்துகொண்டிருந்ததில் நூறு மில்லிக்கு அறுபது மில்லிகிராம். நாம் ரத்தத்தை இருநூற்று ஐம்பத்தோரு மடங்கு கரைத்திருக்கிறோம். அறுபதை அந்த இருநூற்று ஐம்பத்தொன்றால் பெருக்கி, கிராம் ஆக்க ஆயிரத்தால் வகுத்தால் பதினைந்து. ஆகவே நோயாளியின் எண்ணை ஸ்டாண்டர்டின் எண்ணால் வகுத்துப் பதினைந்தால் பெருக்கினால் விடை வந்துவிடும். சீனியருக்கு இந்தப் பதினைந்து மட்டும் மனப்பாடம். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "ஸ்டாண்டர்டுன்னா பதினஞ்சும்மா, உலகம் பூரா அப்படித்தான்" என்பார். படித்தது எல்லாம் அந்த ஒரு வரியில் சுருங்கிப்போன மனுஷன்.

அந்த மாதம் வந்த புது பாட்டிலில் எழுபத்திரண்டு மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தது. அதற்குக் கணக்குப் போட்டால் பதினெட்டு. சீனியர் லேபிளைப் பார்க்கவில்லை, பதினைந்தால் பெருக்கிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு இருந்தவர்கள் பத்து ஆனார்கள். டாக்டருக்கு ஒரே கொண்டாட்டம். வந்தவர்களுக்கெல்லாம் இரும்புச்சத்து டானிக் எழுதித் தள்ளினார். இத்தனை பேருக்கு ஒரே சமயத்தில் எப்படி ரத்தம் குறைந்தது என்று அந்தப் படித்த மூளைக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லை. வலையில் விழும் மீனைக் கணக்குப் பார்ப்பார்களா?

அப்போதுதான் கடப்பேரியிலிருந்து அந்தப் பெண் வந்தாள். பத்தாவது பாஸ், பத்தொன்பது வயது இருக்கும். தாம்பரம் சானடோரியம் பக்கத்து ஏற்றுமதி வளாகத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். அவர்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று எதுவும் வந்ததே இல்லை, இதுதான் முதல். ஹீமோகுளோபின் பத்துக்கு மேல் இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். சீனியர் கொடுத்த ரிப்போர்ட் ஒன்பது புள்ளி மூன்று.

"இன்னாக்கா இது, நான் நல்லாத்தான கீறேன்" என்று என்னிடம் கேட்டாள். டாக்டர் டானிக் எழுதி, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார். கம்பெனியும் ஒரு வாரம் தவணை கொடுத்தது.

அந்த வாரத்தின் நடுவில் சீனியர் மச்சினன் கல்யாணத்துக்குப் போனார். ரத்தப் பிரிவு என் கைக்கு வந்தது. பாட்டிலை எடுத்ததும் லேபிளைப் படித்தேன். லேபிளைப் படிப்பது ஒரு சாதனையா என்ன, எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருத்தித் தரலாம், எல்லாவற்றையும் ஒன்றே கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏற்றினால் போதும் என்றேன்.

"நாளைல இருந்து பதினெட்டால பெருக்கு. பழசைக் கிளறாத. யாராவது கேட்டாங்களா?" என்றார்.

மறுநாளே எல்லோருடைய ரத்தமும் ஏறிவிட்டது. டாக்டர் கிளினிக்கிலிருந்து எட்டிப் பார்த்து, "பார்த்தீங்களா, டானிக் எப்படி வேலை செய்யுது!" என்று முதலாளியிடம் பெருமை அடித்துக்கொண்டார். முதலாளி வெட்கமே இல்லாமல் தலையாட்டினார். இரண்டு பேருமே கோட்டும் டையும் போட்ட வெற்றுப் பாத்திரங்கள்.

அந்தப் பெண் வாரக் கடைசியில் வந்தாள். நானே பார்த்தேன். ஸ்டாண்டர்ட் புள்ளி ஐந்து பூஜ்யம், அவளுடையது புள்ளி மூன்று ஒன்று. பதினெட்டால் பெருக்கினேன். பதினொன்று புள்ளி இரண்டு. முதல் தடவையும் அவளுக்கு இதுதான் இருந்தது, எங்கள் கணக்குதான் தப்பு என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் மதியம் திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது. கம்பெனியின் நர்சம்மா இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். ஒரே வாரத்தில் இரண்டு கிராம் ஏறாது, எங்கேயோ காசு கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறாய் என்றாராம். அந்த அம்மாள் சொன்னது சரிதான். அவ்வளவு வேகமாக ஏறவே ஏறாது. முதல் ரிப்போர்ட் தப்பு என்று லேபிலிருந்து ஒரு வரி எழுதி, சீல் வைத்து, சாயங்காலத்துக்குள் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வார்களாம்.

முதலாளி அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"தப்புன்னு எல்லாம் எழுதித் தர முடியாதும்மா. ரெண்டுமே கரெக்ட் ரிப்போர்ட். டானிக் குடிச்சே, ஏறிடுச்சு."

அவள் பையிலிருந்து டானிக் பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தாள். மூடியில் ஒட்டியிருந்த தாள்கூடக் கிழியவில்லை.

"நான் இத தொறக்கவே இல்ல சார். நாத்தம் ஒத்துக்காது."

பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலாளிக்கு ஒரு நொடிதான் ஆனது.

"குடிக்காமலே ஏறியிருக்குன்னா நல்ல உடம்பும்மா உனக்கு!"

இப்படி ஒரு பிறவியை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. நான் ஒரு தாளில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தேன். முதலாளி என்னைப் பார்த்து, "சீல் இல்லாம அது வெறும் காகிதம். எங்க வேணா காட்டட்டும்" என்றார். சீல் அவர் இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. அவள் என் தாளை எடுத்துக்கொண்டு ஓடினாள். கம்பெனியில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே அந்த இடத்துக்கு வேறொரு பெண்ணை எடுத்தார்கள்.

அதைச் சொல்லத்தான் அவள் மறுபடி வந்தாள். அழவில்லை. முதலாளிக்கு அப்போதுதான் தாராள மனசு பொங்கியது.

"வேற கம்பெனிக்குப் போறப்போ வாம்மா. டெஸ்ட் ஃப்ரீயா பண்ணித் தரச் சொல்றேன்."



"எந்தக் கணக்குல சார் பாப்பீங்கோ?" என்று கேட்டாள்.