வால் எங்கே போனது?

அந்தமானின் ரங்கத்தில் மழை பிடித்துக்கொண்டால் வைஜெயந்திக்குக் குஷி வந்துவிடும். மற்ற ஆசிரியர்கள் குடையை மடக்கியபடி சலித்துக்கொள்வார்கள். அவளோ அந்த ஜூலை காலையில் நனைந்த சேலை முந்தானையோடு மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்து, "இன்னைக்கு யாரும் புஸ்தகத்தைத் திறக்கக் கூடாது!" என்றாள். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள். அப்பா பன்னீர்செல்வம் சிவகங்கைப் பக்கத்திலிருந்து சாலை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். போர்ட் பிளேரில் ஆசிரியர் பயிற்சி முடித்ததும் அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். அப்புறம் மாயாபந்தரில் ஆசிரியர் வேலை கிடைத்தது. கல்யாணத்துக்குப் பிறகு ரங்கத்துப் பள்ளியின் தமிழ்ப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். எந்தப் பாடத்தையும் பிள்ளைகள் கையில் பிடிக்கிற பொருளாக மாற்றாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. கடைகளுக்குப் போர்டு எழுதும் கணவன் சுதாகரைப் பிடித்து உட்காரவைத்து, பிஸ்கட் அட்டைப்பெட்டிகளை வெட்டி ஐந்து படங்கள் வரைய வைத்திருந்தாள். கூழ் போல ஒட்டிக் கிடக்கும் முட்டைகள், தலைப்பிரட்டை, பின்னங்கால் முளைத்த தலைப்பிரட்டை, நாலு காலும் நீண்ட வாலும் உள்ள குட்டித் தவளை, கடைசியில் பெரிய தவளை. குழுவுக்கு ஒரு கட்டு.

"கலைச்சுப் போட்டிருக்கேன். வரிசையா அடுக்குங்க. ஏன் அப்படி அடுக்கினீங்கன்னு சொல்லணும்."

ஐந்து நிமிடத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. முன்னங்கால்தான் முதலில் வரும் என்று பிரவீன்குமார் அடம்பிடித்தான். "குழந்தை முதல்ல கையைத்தானே டீச்சர் ஆட்டும்?" வைஜெயந்தி வராந்தாவில் இருந்த நீலத் தொட்டியைக் காட்டினாள். பள்ளிக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் இருந்து தலைப்பிரட்டைகளை அந்தத் தண்ணீரோடே அள்ளி வந்து விட்டிருந்தாள். ஏறி உட்கார ஒரு கல்லும் போட்டிருந்தாள். பிரவீன்குமார் தொட்டிக்குள் தலையையே விட்டுவிடுவான் போலிருந்தது. "ஏய், பின்னாடிதான்! பின்னாடி கால்தான் இருக்கு!" என்று ஓடிவந்து தன் அட்டையைத் தானே மாற்றிவைத்தான்.

கார்த்திகாவின் குழு அட்டைகளை வரிசையாக வைக்கவே இல்லை. தரையில் வட்டமாக வைத்திருந்தது.

"இது ஏன் இப்படி?"

"பெரிய தவளைக்கு அப்புறம் திரும்ப முட்டைதானே டீச்சர்? அப்ப அதுக்குப் பக்கத்துலதானே வைக்கணும்?"

வைஜெயந்திக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கிச் சுற்றவேண்டும் போலிருந்தது. அட்டைகளை மாட்ட அவள் கட்டியிருந்த நேர்க்கயிற்றை அப்போதே அவிழ்த்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில், இந்திப் பிரிவு, வங்காளப் பிரிவுப் பிள்ளைகள் முன்னால் இதை ஒரு குட்டி நாடகமாகப் போடுவது என்று முடிவானது. பழைய கொசுவலைதான் முட்டையைச் சுற்றிய கூழ். அதற்குள் சுருண்டு கிடப்பவர்கள் முட்டை. வலையைவிட்டு நெளிந்து வந்தால் தலைப்பிரட்டை: கைகள் சட்டைக்குள், கால்கள் சேர்ந்தபடி, இடுப்பில் வாலாக ஒரு துப்பட்டா. முதலில் கால்கள் விரியும், பிறகு கைகள் வெளியே வரும், கடைசியில் வால் போகும்.

ஒத்திகையில் தவளையாகும் வேடம் கணேஷ்குமாருக்கு. கைகளை வெளியே எடுத்தான், துப்பட்டாவை உருவினான், சுழற்றிக் கூரையைப் பார்க்க வீசினான். எல்லோரும் கைதட்டினார்கள். ராஜகுமாரி மட்டும் தட்டவில்லை.

"டீச்சர், வால் விழுந்துட்டா தொட்டியில கிடக்கணும்ல? ஒண்ணுகூடக் கிடக்கலையே."

கைதட்டல் நின்றது. மொத்த வகுப்பும் வராந்தாவுக்குப் பறந்தது. கல்லின் மேல் ஒரு குட்டித் தவளை உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் வால் இருந்தது. ஆனால் தேய்ந்துபோன மொட்டை வாலாக. தண்ணீருக்கடியில் ஒரு வால்கூட இல்லை.

வைஜெயந்திக்குக் காது சூடானது. "வால் விழுந்துடும்" என்று முந்தின நாள் சொன்னவள் அவள்தானே! ஆனால் வெட்கத்தைவிட வேறொன்று பெரிதாகப் பொங்கியது: அப்படியானால் அது எங்கேதான் போகிறது? மணி அடித்ததும் மேல்வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் ஸ்ரீதரை மாடிப்படியிலேயே மடக்கினாள்.

"சார், தவளை வால் விழுமா?"

"விழாது மேடம். உடம்பே கொஞ்சம் கொஞ்சமா உள்ள இழுத்துக்கும். அந்த நேரத்துல அதோட வாய், குடல் எல்லாம் மாறிட்டிருக்கும். சாப்பிடவே முடியாது. வால்ல இருக்கிற சத்துதான் அதுக்குச் சாப்பாடு."

"வாலையே சாப்பிடுதா!"

"வாயால இல்ல மேடம். உடம்பால."

மறுநாள் வகுப்பில் நிமிர்ந்து நின்று சொன்னாள்: "நான் சொன்னது தப்பு. ராஜகுமாரி கேட்டதுதான் சரி." அன்று இரவுக்குள் சுதாகர் ஆறாவது அட்டையை வரைந்து கொடுத்தான், மொட்டை வால் குட்டித் தவளை. நாடகத்துக்கும் வழி கண்டுபிடித்தார்கள். சட்டையின் முதுகில் சின்னதாக ஒரு கிழிசல். அதன் வழியே துப்பட்டாவை உள்ளே விட்டு, முன்பக்கம் சட்டைக்குள் கைவிட்டு இழுத்தால், வெளியே வால் குறையும், வயிறு பருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை வானம் உடைந்து ஊற்றியது. தகரக் கூரையில் மழை அடித்த அடியில் மைக் இருந்தும் பயனில்லை. கார்த்திகா வாயசைப்பது தெரிந்தது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. வைஜெயந்தி ஓரமாக நின்று கையை ஆட்டினாள்: பேச்சை விடுங்க, நடிங்க!

கொசுவலை நடுங்கியது. முட்டைகள் நெளிந்தன. தலைப்பிரட்டைகள் ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டே வந்தன. கால் விரிந்தபோது வங்காளப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். கைகள் சட்டைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தபோது ஒரே கூச்சல். கணேஷ்குமார் வாலை இழுக்கத் தொடங்கினான். இந்திப் பிரிவிலிருந்து ஒரு குரல் மழையையும் மீறிக் கிளம்பியது: "அரே, பூஞ்ச் அந்தர் ஜா ரஹி ஹை!" வால் உள்ளே போகிறதாம்!

பாதியில் வால் நின்றுவிட்டது. துப்பட்டா கிழிசலில் மாட்டிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. வைஜெயந்தி ஓரடி முன்னால் வைத்தாள். ஓடிப்போய் எடுத்துவிடலாமா?

கணேஷ்குமார் அழவில்லை. கல்லாக வைத்திருந்த ஸ்டூலின் மேல் ஏறி, மொட்டை வாலோடு குந்தி உட்கார்ந்தான். கொசுவாக நடித்த பிரவீன்குமார் அவன் மூக்குக்கு முன்னால் வந்து கைகளை ஆட்டினான். கணேஷ்குமார் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டினான். வயிற்றைத் தட்டிக் காட்டினான், பின்னாலிருந்த வாலைக் காட்டினான். இப்போ எனக்கு இதுதான் சாப்பாடு! கூட்டம் வெடித்துச் சிரித்தது. இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பின்னால் இருந்து ராஜகுமாரி ஊர்ந்து வந்து துணியை ஒரு தட்டு தட்டினாள். வால் சரசரவென்று உள்ளே போனது. கணேஷ்குமார் ஸ்டூலிலிருந்து ஒரே தாவலாகத் தாவி, வாயை அகலத் திறந்து பிரவீன்குமாரை விரட்டினான். அந்தப் பக்கம் தாய்த்தவளையாகக் கார்த்திகா கொசுவலையை மறுபடி விரிக்க, கூட்டத்திலிருந்த நாலைந்து இந்திப் பிள்ளைகள் அழைக்காமலே ஓடிவந்து அதற்குள் சுருண்டு படுத்துக்கொண்டார்கள்.

வைஜெயந்தி சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. தொண்டை கட்டிப்போயிருந்தது, கத்தியிருக்கிறாள், எப்போது என்று நினைவில்லை.

சனிக்கிழமை மூன்று பிரிவுப் பிள்ளைகளும் சேர்ந்து தொட்டியை வாய்க்காலுக்குத் தூக்கிப்போய், எடுத்த இடத்திலேயே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். இந்திப் பிரிவு டீச்சர் தனக்கும் ஒரு கட்டு அட்டை வேண்டும் என்று கேட்டிருந்தார். சுதாகர் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ஏன் வைஜி, இன்னும் எத்தனை தவளை?"

"தவளை போதுங்க. அடுத்தது கொசு. இப்பவே வகுப்புல சண்டை, யார் முட்டைன்னு" என்றாள் அவள், கட்டிய தொண்டையோடு, புதிய பிஸ்கட் பெட்டியை அவன் முன்னால் பிரித்துப் போட்டபடி.