ஒரே குடும்பம்

ஆம்பூர் ஞானமுத்து வீட்டில் பெண் பிறந்திருக்கிறது, பொன்மலர் என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்ற சேதி பள்ளிகொண்டாவுக்கு வந்தபோது அத்தை சவுரியம்மாள் கேட்ட முதல் கேள்வி, "ஏன், பைபிள்ல பேரே கெடைக்கலியாமா?" என்பதுதான். அந்தப் பேரை வைத்தது அப்பனும் இல்லை, பாதிரியாரும் இல்லை. ஒன்பது வயது அண்ணன் தேவானந்தம். தங்கச்சிக்கு நான்தான் பேர் வைப்பேன் என்று அடம் பிடித்து, சாப்பிடாமல் கிடந்து, வைத்துவிட்டான்.

பேர் வைத்ததோடு விடவில்லை. தோல் பதனிடுகிற வேலையில் ஞானமுத்துவுக்கு முதுகு போனபோது தேவானந்தம் பத்தாவதை நிறுத்திவிட்டு அதே தோல்ஷாப்பில் சேர்ந்தான். முதலில் தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டி. பிறகு பளபளவென்று ஏற்றுமதிக்குப் போகும் தோலுக்குச் சாயம் அடிக்கிற ஸ்ப்ரே செக்சன். அந்தச் சம்பளத்தில்தான் பொன்மலர் மதராஸில் புள்ளியியல் எம்.எஸ்ஸி. முடித்தாள். சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு அது இன்ன படிப்பு என்றே விளங்கவில்லை. "தலை எண்ற படிப்பு" என்று சவுரியம்மாள் சொல்லி வைத்தாள். வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், டாக்டர்கள் செய்கிற ஆராய்ச்சிக்குக் கணக்குப் பார்த்துச் சொல்லும் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்கு ஒரு பேர் வந்துவிட்டது: இடம் கொடுக்காதவள். டாக்டர்கள் தாளைக் கொண்டுவந்து வைத்து, "இதுல ஏதாவது தேறுமா பாருங்க" என்பார்கள். தேறவில்லை என்றால் தேறவில்லை என்பாள். யார் முகத்துக்காகவும் ஒரு புள்ளியை நகர்த்த மாட்டாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. கர்வத்துக்குள்ளே ஒரு பயமும் இருந்தது. தோல்ஷாப்புக்காரன் மகள் என்பதால், ஒரு தப்பு செய்தால் இரண்டாகத்தான் எண்ணுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

எண்பத்திரண்டில் டாக்டர் ஜார்ஜ் தோல்ஷாப் தொழிலாளர்களைப் பற்றி ஓர் ஆய்வு எடுத்தார். ஆம்பூர்ப் பக்கத்துத் தொழிலாளர்கள் ஒரு சாரார், அணைக்கட்டுப் பக்கத்து விவசாய ஆட்கள் ஒரு சாரார். இருவரையும் வைத்து இருபது விஷயம் பார்ப்பது: கைப்புண், கண் எரிச்சல், இருமல், ரத்த அழுத்தம், சிறுநீர் இப்படி. அதில் நாலு, மூச்சைப் பற்றியவை. இழுத்துக் குழாயில் ஊதச் சொல்லி அளப்பது அதில் ஒன்று.

ஆய்வு தொடங்கும் முன்பே திட்டம் எழுத வேண்டும். இருபது சோதனை செய்தால், உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும், ஏதாவது ஒன்றாவது சும்மாவே தேறிவிட மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட வாய்ப்பு இருக்கிறது. அதனால் ஒன்றாய்ச் சேர்த்துப் பார்க்கிற சோதனைகளை ஒரு குடும்பம் என்று வைத்து, குடும்பம் பெரிதாகப் பெரிதாக வாசற்படியை உயர்த்துவார்கள். ஒற்றைச் சோதனை என்றால், அந்த வேறுபாடு சும்மாவே வந்துவிடுகிற வாய்ப்பு ஆயிரத்தில் ஐம்பதுக்குக் கீழே இருந்தால் போதும். இருபது பேர் உள்ள குடும்பம் என்றால் ஐம்பதை இருபதால் வகுத்து, ஆயிரத்தில் இரண்டரைக்குக் கீழே வர வேண்டும். எது எது ஒரு குடும்பம் என்பதை ஊதிப் பார்க்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பார்த்தபின் பிரிப்பது திருட்டு.

டாக்டர் ஜார்ஜ் அப்போது கேட்டார். "மூச்சைத் தனியா வெச்சுக்கலாமா பொன்மலர்? நமக்கு முக்கியமே அதுதானே."

நியாயமான கேள்வி. முன்கூட்டியே சொன்னால் தப்பே இல்லை. ஆனால் அந்த மாதம் ஆம்பூருக்குப் போனபோது தேவானந்தம் மாடிப்படி ஏறி நடுவில் நின்று மூச்சு வாங்கியதை அவள் பார்த்திருந்தாள். மூச்சைத் தனியாக வைத்தால், அண்ணனுக்காக வழி விட்டாள் என்று நாளைக்கு ஒருவன் சொல்வான். அந்த ஒருவன் யார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. "வேணாம் டாக்டர். எல்லாம் ஒரே குடும்பமா இருக்கட்டும்" என்றாள். டாக்டர் சரி என்று கையெழுத்துப் போட்டார்.

மறு வருஷம் கணக்கு வந்தது. கைப்புண் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. அது எந்த வாசற்படியையும் தாண்டும். அடுத்து நின்றது மூச்சளவு. தோல்ஷாப் ஆட்கள் சராசரியாகக் கால் லிட்டர் குறைவாக ஊதியிருந்தார்கள், ஆயிரத்தில் நான்கு. இருபதால் பெருக்கினால் எண்பது. ஐம்பதுக்கு மேலே போயிற்று, தேறவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்த படிப்படி முறையையும் போட்டுப் பார்த்தாள். கொஞ்சம் இரக்கமுள்ள முறை அது: முதலாவது தேறிவிட்டால் இரண்டாவதற்கு இருபதுக்குப் பதில் பத்தொன்பதால் வகுத்தால் போதும். அதிலும் நிற்கவில்லை. மூச்சுக்கு மட்டும் நாலு பேர் கொண்ட தனிக் குடும்பம் வைத்திருந்தால் நாலு நாலு பதினாறு. தாராளமாகத் தேறியிருக்கும்.

இந்த விஷயம் யூனியன் அப்துல் ஹமீத் பாய் மூலமாகத் தேவானந்தத்துக்குப் போய்விட்டது. ஸ்ப்ரே ரூமில் புகையை வெளியே தள்ளும் பெரிய காற்றாடி வைக்கச் சொல்லி லேபர் ஆபீசில் யூனியன் மனுப் போட்டிருந்தது. ஆஸ்பத்திரி அறிக்கை வரட்டும் என்று ஆபீசர் காத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் தேவானந்தம் வேலூருக்குப் பஸ் ஏறி வந்துவிட்டான். அண்ணனுக்கு வறுத்த மீன் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"ஊதினதுல கம்மின்னு வந்திச்சா இல்லியா?"

"வந்திச்சுணா."

"அப்ப எழுது."

இருபது லாட்டரிச் சீட்டு வாங்கினவனுக்கு ஒன்று விழுந்தால் அதிசயமில்லை, ஒரே சீட்டு வாங்கினவனுக்கு விழுந்தால்தான் யோசிக்க வேண்டும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் பொறுமையாகக் கேட்டான். விளங்காமல் இல்லை; நன்றாக விளங்கியது. அதுதான் வினை.

"சரி, குடும்பம்னு சொல்றியே. நாலு பேர் நல்லாருக்கணும்னா பாகம் பிரிச்சு உடறது ஊர்ல நடக்காததா? மூச்ச மட்டும் தனியாப் பிரிச்சு எழுதேன்."

"செத்தப்பொறம் உயில் எழுத முடியுமாணா? பாக்கறதுக்கு முன்னாடி பிரிச்சிருக்கணும்."

"முன்னாடி பிரிச்சிருக்கலாமா?"

அவள் மீன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு இருமினான். இருமி முடித்துச் சிரித்தான். "தலை எண்ற படிப்பு. என் தலைய மட்டும் உட்டுட்டே, பாப்பா."

பிரித்து எழுதவில்லை அவள். ஆனால் முடிவுகள் பகுதியை எழுதும்போது ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்து எடுத்தாள். இருபது சோதனைகளும் ஒரே குடும்பமாக முன்பே வகுக்கப்பட்டவை என்று முதல் வரி. அட்டவணையில் திருத்தாத எண்ணும் இருபதால் பெருக்கித் திருத்திய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில். மூச்சளவுக்கு மட்டும் மூன்று வாக்கியம்: சராசரி வேறுபாடு கால் லிட்டர், இருபது சோதனைகளுக்கான திருத்தத்துக்குப் பின் இது வகுத்த எல்லையைத் தொடவில்லை, வேறுபாடு இல்லை என்பது இதன் பொருள் அல்ல என்பதால் மூச்சை மட்டும் குறிவைத்துத் தனி ஆய்வு செய்ய வேண்டும். இங்கிலீஷில்தான் எழுதினாள். அந்த மூன்றாவது வாக்கியத்துக்குத்தான் அவளுக்கு அதிக நேரம் பிடித்தது. அண்ணனுக்குத் தன்னால் நேர்மையாகக் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான் என்று நினைத்தாள்.

டாக்டர் ஜார்ஜ் முடிவுகள் பகுதியில் கை வைக்கவில்லை. முகப்பில் போடுகிற சுருக்கத்தில்தான் இடம் போதவில்லை. மூன்று வாக்கியத்தையும் ஒன்றாக்கினார்: "மூச்சளவில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை."

தட்டச்சு ஆகி வந்ததைப் பார்த்துவிட்டு அவள் அவர் அறைக்குப் போனாள். "இல்லைங்கறது வேற டாக்டர், இருக்குன்னு சொல்ல முடியலைங்கறது வேற."

"உள்ள முழுசா இருக்கே பொன்மலர். படிக்கறவங்க உள்ள படிப்பாங்க."

அவர் கெட்டவர் இல்லை. உள்ளே படிப்பார்கள் என்று நிஜமாகவே நம்பினார். அவள் இன்னும் இரண்டு தடவை போனாள். அதற்கு மேல் போகவில்லை. உனக்கு மட்டும் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டுவிடுவாரோ என்ற பழைய பயம் காலைக் கட்டிவிட்டது. அது அப்படியே அச்சாகி வந்தது.

லேபர் ஆபீசில் கம்பெனி வக்கீல் உள்ளே படிக்கவில்லை. சுருக்கத்தைப் படித்தார். படித்துவிட்டு, எழுதினவர்கள் பேரையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். பெஞ்சில் ஹமீத் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவானந்தத்தைப் பார்த்து, "உங்க தங்கச்சியே வேறுபாடு இல்லன்னு எழுதிட்டாங்களே அய்யா, அப்புறம் இன்னா?" என்றார். யாரோ சிரித்தார்கள். அட்டவணையைப் பாருங்கள் என்று ஹமீத் பாய் சொன்னார். ஆபீசருக்கு அட்டவணை பேஜாராக இருந்தது. கைப்புண் நிரூபணமானதால் சுண்ணாம்புத் தொட்டி ஆட்களுக்கு ரப்பர் கையுறை கொடுக்க உத்தரவாயிற்று. தேவானந்தம் தொட்டியை விட்டு வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. காற்றாடி வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து பெண்டாட்டி லில்லியிடம் அவன் சொன்னது ஒன்றுதான்: பேர் வெச்சது நான், அத அந்தாள் என் எதிர்லயே படிக்கிறான்.

அதற்குப் பிறகு அண்ணன் வேலூருக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் போனால் வா என்பான், சாப்பிடு என்பான், பேச மாட்டான். தனி ஆய்வுக்குப் பொன்மலர் இரண்டு தரம் திட்டம் எழுதிக் கொடுத்தாள். முதல் வரியிலேயே மூச்சு மட்டும் என்று போட்டாள். முந்தைய ஆய்வில் வேறுபாடு இல்லை என்று வந்திருக்கிறதே, எதற்கு இன்னொன்று என்று இரண்டு தரமும் திருப்பி அனுப்பினார்கள். அவள் பேர் போட்ட கட்டுரையையே அவளுக்கு மேற்கோள் காட்டினார்கள்.

எண்பத்தேழில் தேவானந்தம் போய்ச் சேர்ந்தான். கடைசி நாட்களில் படுக்க முடியாமல் தலையணையை அணைத்து உட்கார்ந்தபடியே இருந்தானாம். ஸ்ப்ரேதான் காரணம் என்று ஊரெல்லாம் பேசினார்கள். ஒரு ஆளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பது பொன்மலருக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்ததால் அழவும் வழியில்லாமல் நின்றாள். பெட்டியை மூடும் முன் முத்தம் கொடுக்கக் குனிந்தவளை லில்லி தடுக்கவில்லை. குரல் மட்டும் உயராமல் வந்தது.

"இவருக்கும் வயல்ல வேல செய்றவங்களுக்கும் வேறுபாடு இல்லியே பாப்பா. எழுந்து நிக்கச் சொல்லேன்."

சவுரியம்மாள், வயசானவள், லில்லியின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பொன்மலர் குனிந்தவள் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். கல்லறைவரைக்கும் கடைசியில் நடந்தாள்.

முன்னாடி பிரிச்சிருக்கலாமா என்று அண்ணன் கேட்டதற்கு அவள் அன்றைக்கும் யாரிடமும் பதில் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வேலையை அந்த வருஷமே விட்டுவிட்டாள். இப்போது மேல்விஷாரத்தில் பையன்களுக்குப் புள்ளியியல் பாடம் எடுக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், அக்தரி பேகம் என்பவர் வீட்டு மாடியில் ஒரு அறையில் குடியிருக்கிறாள்.