சபாநாயகரின் முடிவே இறுதியானது

செஞ்சி நூலகத்தில் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், வல்லத்திலிருந்து தினமும் ஒருவர் பஸ்ஸில் வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும். பத்தொன்பது வயதில் கிணறு வெட்டப் பாறைக்கு வைத்த வெடி முன்னதாகவே வெடித்ததில் இரண்டு கண்களும் போய்விட்டன. அதன் பிறகுதான் பட்டம் வாங்கினார். மனைவி கல்லைக்காய், அதாவது வேர்க்கடலை, பறிக்கவும் களை எடுக்கவும் போவார். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன்.

அவருடைய போன் எழுத்துகளை வாசித்துச் சொல்லும். ஆனால் நாங்கள் எல்லோரும் படித்த அரசியலமைப்பு கைடு அச்சுப் புத்தகம். படம் எடுத்துக் கொடுத்தால் போன் கண்டபடி உளறும். அதனால் ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"நீ எப்படியும் படிக்கப் போறியேம்மா. கொஞ்சம் சத்தமா படிச்சு இதுல ரெக்கார்ட் பண்ணிக் குடுத்தா போதும்."

நூலகத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து தினமும் ஒரு மணி நேரம் படித்தேன். அதில் எனக்கும் லாபம் இருந்தது. படித்து முடித்ததும் அவர் கேள்வி கேட்பார், அல்லது என்னைக் கேட்கச் சொல்வார். ஒரு முறை காதில் விழுந்தால் போதும், மறக்கவே மாட்டார்.

கட்சித் தாவல் தடைச் சட்டம் அவருக்கு ரொம்பப் பிடித்தது. எல்லோரும் அதில்தான் குழம்புவோம்.

"சுயேச்சையா ஜெயிச்சவரு கட்சியில சேர்ந்தா?" என்பேன்.

"எப்ப சேர்ந்தாலும் பதவி போச்சு. நியமன உறுப்பினருக்குத்தான் ஆறு மாசம் டைம்."

"யாரு முடிவு பண்றது?"

"சட்டசபையில சபாநாயகர். ராஜ்யசபாவுல அதோட தலைவர். ஜனாதிபதின்னு ஒரு ஆப்ஷன் வச்சிருப்பான், அதுல விழக் கூடாது. அது லாபப் பதவி மாதிரி வேற தகுதிநீக்கத்துக்கு."

"சபாநாயகர் மேலயே புகார் வந்தா?"

"அந்தச் சபையே வேற ஒரு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும், அவரு முடிவு பண்ணுவாரு. இன்னாம்மா, கஷ்டமா ஒண்ணு கேளு."

அந்தப் பாடத்தை நான் பதிவு செய்த நாளில் மழை கட்டிக்கொண்டு வந்தது. அவருக்கு ஐந்து மணி பஸ். வேகமாகப் படித்தேன். பத்தாவது அட்டவணை, கொறடா உத்தரவு, மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து இணைவது, பிறகு சபாநாயகரின் அதிகாரம். "இவ்வகை வழக்குகளில் அவைத் தலைவரின் முடிவே இறுதியானது, எந்த நீதிமன்றத்துக்கும் இதில் அதிகார வரம்பு இல்லை என்று அட்டவணை கூறுகிறது." அதோடு பக்கம் முடிந்தது. "அவ்ளோதாண்ணா" என்று சொல்லி நிறுத்தினேன். அப்படிச் சொன்னதும் அந்தப் பதிவில் இருந்தது.

மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் அவர் வந்தபோது, அந்தப் பாடம் முடிந்துவிட்டது என்ற நினைப்பில் தேர்தல் ஆணையத்திலிருந்து ஆரம்பித்தேன். விட்ட பக்கத்தைப் பதிவு செய்த அன்று இரவே எனக்காக மட்டும் வீட்டில் படித்திருந்தேன். அவருக்கு அதைப் படிக்கவில்லை என்பது மனதில் தட்டவே இல்லை.

தேர்வு முடிந்த மறுநாள் நூலகத்துக்குச் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் சொன்ன விடைகளைக் குறிக்க மையத்தில் ஒரு ஆசிரியையைக் கொடுத்திருந்தார்கள்.

"நம்ம சபாநாயகர் கேள்வி வந்துதும்மா. அவரோட முடிவப் பத்தி எது சரின்னு. அந்த டீச்சர் ஆப்ஷன் முழுசா படிக்கறதுக்குள்ள 'ஏ போடுங்க'ன்னுட்டேன். இறுதியானது, எந்தக் கோர்ட்டும் விசாரிக்க முடியாது."

நான் குறித்தது பி. நீதிமன்ற மறுஆய்வுக்கு உட்பட்டது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு வாரம் வேறு வேறு கேள்விகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தேர்வாணையம் தற்காலிக விடைகளை வெளியிட்ட அன்று அவர் கேட்க, ஒவ்வொன்றாகப் படித்தேன். அந்தக் கேள்விக்கு வந்ததும் என் குரல் இறங்கியது.

"பின்னு போட்டிருக்காங்கண்ணா."

"தப்பு. ஆட்சேபணை போடலாம்ல? புக்குல அந்தப் பக்கத்த ஸ்கேன் பண்ணி ஏத்தும்மா. எங்கிட்ட நீ படிச்சதும் இருக்குது."

போனை எடுத்து அந்த இடத்தைச் சரியாகத் தேடி ஓட விட்டார். என் குரல் அவசரமாக ஓடியது. பின்னால் இடி. பிறகு, "அவ்ளோதாண்ணா."

"அடுத்த பக்கம் ஒண்ணு இருக்குதுண்ணா" என்றேன்.

அவர் போனை நிறுத்தினார். "படி."

படித்தேன். நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்ற பத்தியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. இந்த வழக்குகளில் சபாநாயகர் ஒரு தீர்ப்பாயம் போலச் செயல்படுகிறார். முடிவு எடுத்த பின் அதை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஆராயலாம். மொத்தம் ஆறு வரிதான்.

"இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன்.

கொஞ்ச நேரம் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"நீ இன்னா போட்ட?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. "பி" என்றேன்.

"சரி."

"அண்ணா, நான் வேணும்னு..."

"தெரியும்மா. வேணும்னு யாரு பண்ணுவாங்க? பக்கம் முடிஞ்சிடுச்சின்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா அடுத்தத படின்னு கேட்டிருப்பேன். நீ அவ்ளோதான்னுட்ட." திட்டவில்லை. கோலை நீட்டித் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். நான் கூடவே போனேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, என் தோளையும் பிடிக்கவில்லை.

அதன் பிறகு அவர் நூலகத்துக்கு வரவில்லை. மாதங்கள் கழித்து முடிவு வந்தது. எனக்கு இடம் கிடைத்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் அவருடைய பிரிவில் கடைசியாகத் தேர்வானவரைவிட அவருக்கு ஒன்றரை மதிப்பெண் குறைவு. ஒரு கேள்விக்கான மதிப்பெண் அது.

போன் செய்தேன், எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்லத்துக்குப் போனேன். வாசலில் கல்லைக்காய் காய்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீதானா அது?" என்றார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அண்ணன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வேலை கிடைச்சிடுச்சாமே. நல்லா இரு."

"அடுத்த தேர்வு அறிவிப்பு வந்திருக்குதுண்ணா. மொத்தப் புத்தகத்தையும் முதல்ல இருந்து படிச்சுத் தரேன். ஒரு வரி விடாம."

"நீ படிச்சதனாலதான் அவ்ளோ மார்க்கே வந்துது. இல்லன்னு சொல்ல மாட்டேன்." வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஆனா இனிமே ஒவ்வொரு வரியிலயும் இதுக்கு மேல ஏதாவது இருக்குதோ, விட்டுட்டாங்களோன்னு தோணிக்கினே இருக்கும்மா. நீ படிச்சாலும், வேற யாரு படிச்சாலும். அப்டி உக்காந்து படிக்க முடியாது."

அவர் மனைவி வாசலில் கல்லைக்காயைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்ல வந்த மன்னிப்பைச் சொன்னேன். அண்ணன் தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்டாரா, போதும் என்றாரா, தெரியவில்லை.

அவர் அதன் பிறகு எந்தத் தேர்வும் எழுதவில்லை என்று நூலகத்தில் சொன்னார்கள். நான் இப்போது வேறு ஊரில் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அந்த வேலைக்கு எந்தெந்தக் கேள்விகள் உதவின என்று தனித்தனியாகத் தெரியாது. அந்த ஒன்று மட்டும் தெரியும்.