சத்தியம் செய்த தாளில் ஓர் ‘அண்ட்’

கிள்ளானில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் நான் தட்டச்சராக இருந்தேன். ஐந்தாம் படிவம் வரை படித்தவள். யாரிடமும் சத்தமாகப் பேசத் தெரியாது. ஆனால் ஆங்கில இலக்கணத்தில் மட்டும் எனக்கு ஒரு நிச்சயம் உண்டு. ‘அண்ட்’ என்று வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது. ‘பிகாஸ்’ என்றும் தொடங்கக் கூடாது. ‘வித்’, ‘டு’ போன்ற சொற்களில் முடிக்கக் கூடாது. பள்ளியில் இதற்காக உள்ளங்கையில் பிரம்படி வாங்கியிருக்கிறேன். அடி வாங்கிக் கற்றது தப்பாக இருக்கும் என்று எப்படி நினைப்பது?

அலுவலகத்தில் இதே விதிகளுக்குக் காவலாக ஒருவர் இருந்தார். தலைமைக் கிளார்க். முப்பது வருட அனுபவம். நான் அடிக்கும் எல்லாம் முதலில் அவர் மேசைக்குப் போகும். ‘அண்ட்’டில் தொடங்கிய வாக்கியம் கண்ணில் பட்டால், “அம்மா, இது கடிதமா, பாசார்ல மீன் வாங்குற பேச்சா?” என்று அறை முழுக்கக் கேட்கும்படி கேட்பார். நான் இன்னொரு தாளை மிஷினில் ஏற்றுவேன்.

எழுபதுகளின் கடைசி அது. நீதிமன்றப் பத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. எங்கள் வக்கீல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் வரும் ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். வேகமாகச் சொல்லுவார், நான் சுருக்கெழுத்தில் எடுப்பேன்.

அன்று காலை கிளார்க் வெளியே நீதிமன்ற வேலையாகப் போயிருந்தார். போர்ட் கிள்ளானிலிருந்து ஒரு லோரிக்காரர் வந்தார். சொந்த லோரி, ஒன்றே ஒன்று. ஏதோ விபத்து வழக்கில் குறித்த நாளில் அவர் நீதிமன்றம் வராததால், அவர் இல்லாமலே தீர்ப்பாகிவிட்டது. அதை ரத்து செய்யச் சொல்லி அவர் மனுவும், ஏன் வரவில்லை என்ற சத்தியப் பத்திரமும் அன்று நான்கு மணிக்குள் பதிவாக வேண்டும். இல்லையென்றால் லோரியை ஜப்தி செய்ய ஆள் வந்துவிடும்.

“என்ன ஆச்சுண்ணே, அன்னைக்கு?” என்று வக்கீல் கேட்டார்.

“மிஸ், வைஃப ஆஸ்பத்திரில சேர்த்தாச்சு, திடீர்னு. அப்புறம் பிள்ளைங்கள விட்டுட்டு வர ஆளே இல்ல. சின்னது ரெண்டு வயசு லா. என்ன செய்ய?”

வக்கீல் அதை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘பிகாஸ் மை வைஃப் வாஸ் வார்டட் தட் மார்னிங், ஐ டிட் நாட் கோ டு கோர்ட். அண்ட் ஐ ஹேட் நோபடி டு லீவ் த சில்ட்ரன் வித்.’ எழுதும்போதே என் கை கூசியது. முன்னால் ‘பிகாஸ்’, அடுத்து ‘அண்ட்’, கடைசியில் ‘வித்’. மூன்றும் இரண்டே வாக்கியத்தில்.

இரண்டு பக்கம். அடித்து, தமிழில் லோரிக்காரருக்கு வாசித்துக் காட்டி, பக்கத்துக் கடைவீட்டு மாடியில் சத்தியம் வாங்கும் கமிஷனரிடம் கூட்டிப்போனேன். இரண்டாம் பக்கத்தின் கீழே அவர் கையெழுத்து, கமிஷனர் கையெழுத்து, முத்திரை. பதினொரு மணிக்கு முடிந்தது. அவர் சரக்கு ஏற்றப் போய்விட்டார்.

பன்னிரண்டரைக்கு கிளார்க் வந்துவிடுவார். அந்த ‘அண்ட்’ முதல் பக்கத்தில்தான் இருந்தது. முதல் பக்கத்தில் கையெழுத்து கிடையாது. ஸ்டேப்பிளைக் கழற்றினேன். புதுத் தாளில், மனைவி வார்டில் இருந்த காரணத்தினால் வர இயலவில்லை என்றும், மேலும் பிள்ளைகளை ஒப்படைக்கத்தக்க நபர் எவரும் இருக்கவில்லை என்றும் ஆங்கிலத்தில் நீட்டி அடித்தேன். சேர்த்துத் தைத்தேன். பழைய தாளை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். தெருவில் குப்பை லோரி வந்ததும் கூடையைக் காலி செய்தும் விட்டேன்.

கிளார்க் வந்தார், பார்த்தார், “பரவாயில்லையே” என்றார். எனக்கு மனசு குளிர்ந்தது.

சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி அவர் காலையில் நடந்ததைச் சொன்னார். வேறொரு அலுவலகத்தின் பத்திரத்தை நீதிமன்றப் பதிவாளர் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். சத்தியம் செய்த பிறகு யாரோ ஒரு தேதியை வெள்ளை மையால் அழித்துத் திருத்தியிருந்தார்களாம். “சத்தியம் பண்ணின தாள்ல ஒரு புள்ளி மாத்தினாலும், அந்த ஆளும் கமிஷனரும் பக்கத்துல சின்னக் கையெழுத்து போடணும். இல்லாட்டி அது அந்த ஆள் சொன்ன சத்தியமே இல்ல.”

நான் என் சோற்றைத் தொடவில்லை. மணி ஒன்று பத்து.

யாருக்கும் தெரியாது என்று ஒரு பக்கம் மனம் சொன்னது. கையெழுத்துப் பக்கம் அதேதான், விஷயமும் அதேதான். எழுந்தேன், உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்கப் போனேன், குடிக்காமல் வந்தேன். லோரிக்காரர் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தது நான் பிறகு அடித்த இந்தத் தாளுக்கு அல்ல. ஒன்று நாற்பதுக்கு வக்கீல் அறைக் கதவைத் தட்டி, நடந்ததைச் சொன்னேன்.

“பழைய தாள் எங்க?”

“கிழிச்சிட்டேன், மிஸ்.”

“ஏன் மாத்தினீங்க?”

“அண்ட்-ல ஆரம்பிச்சிருந்துச்சு, மிஸ்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை எடுத்து, லோரிக்காரர் சொல்லியிருந்த சேமிப்புக் கிடங்குக்கு அடித்தார். ஆள் உள்ளே சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார், சொல்லிப் பார்க்கிறோம் என்றார்கள்.

“நான் முதல்ல சொன்னத அப்படியே அடிங்க, ரெண்டு பக்கமும்,” என்றார் வக்கீல்.

விஷயம் கிளார்க் காதுக்குப் போனது. “நடந்தது தப்புதான், மிஸ். ஆனா அந்த வாக்கியத்த அப்படியே விட்டா பதிவாளர் சிரிப்பார்.”

வக்கீல் அலமாரியிலிருந்து தீர்ப்புத் தொகுப்பு ஒன்றை உருவி, அவர் மேசையில் விரித்தார். ஒரு நீதிபதியின் வாக்கியம் ‘அண்ட்’ என்று தொடங்கியது. இரண்டு பக்கம் தள்ளி ‘பட்’. அதற்குக் கீழே ஒன்று ‘வித்’தில் முடிந்தது. “இவருக்கு யாராச்சும் சொல்லட்டும், சார். பிகாஸ்-ல ஆரம்பிச்சாலும் தப்பு இல்ல. பிகாஸ் போட்டுட்டு பாதியிலேயே புள்ளி வைக்கிறதுதான் தப்பு. பிள்ளைங்களுக்கு ஈசியா இருக்கட்டும்னு டீச்சருங்க சொன்னது, சட்டமா ஆயிருச்சு.”

கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வெகுநேரம் பார்த்தார். “நீதிபதி எழுதலாம்,” என்றார் கடைசியில். “நம்ம சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகாது.”

நான் அடித்தேன். விரல் மூன்று முறை தவறியது, மூன்று முறையும் புதுத் தாள். மணி இரண்டு ஐம்பது. லோரிக்காரர் வரவில்லை. ஒவ்வொரு லோரிச் சத்தத்துக்கும் சன்னலுக்குப் போனேன். எல்லாம் வேறு யாருடையதோ.

மூன்று இருபதுக்கு வியர்வையோடு படியேறி வந்தார். “என்ன ஆச்சு, எல்லாம் போச்சா?”

“இல்லண்ணே. நான்தான் ஒரு தாள மாத்திட்டேன். மறுபடி சத்தியம் செய்யணும்.” அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

“ஏன் மாத்தினீங்க? நான் சொன்னது நம்புற மாதிரி இல்லையா?”

இல்லை, ஆங்கிலம் அழகாக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்தபிறகு அது வரவில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த காலையை அவர் சொல்லியிருக்கிறார். நான் அதில் பார்த்தது ஒரு ‘அண்ட்’டை. “நீங்க சொன்னதுல தப்பே இல்லண்ணே,” என்றேன்.

கமிஷனர் முன்னால் இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். ‘அப்புறம் பிள்ளைகளை விட்டுவிட்டு வர ஆளில்லை’ என்ற இடத்தில் லோரிக்காரர் தலையாட்டினார். கையெழுத்து, முத்திரை. மூன்று நாற்பத்தைந்துக்கு பதிவு அலுவலகத்துக்கு ஓடினேன். கவுன்டரில் இருந்தவர் பக்கங்களைப் புரட்டினார். சிரிக்கவில்லை. அந்த வரியில் அவர் கண் நின்றதாகக்கூடத் தெரியவில்லை. முத்திரையைக் குத்தி நகலை என் பக்கம் தள்ளினார்.

லோரிக்காரர் வாசலில் நின்றிருந்தார். நகலை வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்தை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். “இதுல நான் சொன்னதுதான இருக்கு?”

“நீங்க சொன்னதுதாண்ணே.”

அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லோரிக்குப் போனார். நான் அலுவலகம் திரும்பி, அடுத்த தாளை மிஷினில் ஏற்றினேன்.