ஒரு கண் திறந்த டிராகன்

கார்டிஃப் வந்த புதிதில், பால் வாங்கக் கடைக்குப் போகும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் போனேன். வேல்ஸ் நாட்டுக் கொடியில் சாத்தான் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சிறகை விரித்து, நாக்கை நீட்டி, ஒரு முன்காலைத் தூக்கியபடி சிவப்பு டிராகன் ஒன்று வீட்டுக்கு வீடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மன்னார்க் கரையில் அரிப்பு என்ற எங்கள் ஊர்க் கோவிலில், இதே பிராணி மிக்கேல் சம்மனசு என்ற வானதூதரின் காலடியில் ஈட்டி குத்தப்பட்டுக் கிடக்கும். சிறுவயதில் அந்தச் சுரூபச் சிலையைத் தொட்டு முத்தும்போது அதன் வாயில் விரல் படாமல் பார்த்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக் கெரெத்திடம் ஒருநாள், இதைக் கொல்லாமல் ஏன் கொடியில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் நான் ரக்பி விளையாட்டைப் பற்றிக் கேட்பதாக நினைத்துவிட்டார். "கொல்ல வருகிறவர்கள் சனிக்கிழமை வருகிறார்கள், நீயும் பார்க்க வா" என்றார்.

பிறகு விளங்கப்படுத்தினார். மேற்கு நாடுகளில் டிராகன் என்றால் பெரும்பாலும் குகைக்குள் பொன்னைக் குவித்து அதன்மேல் படுத்திருக்கும் பேராசைப் பிராணி. வௌவால் சிறகு, நெருப்பு மூச்சு. ஊருக்கு வந்து ஆடு கேட்கும், பிறகு கன்னிப்பெண் கேட்கும். ஒரு வீரன் வந்து குத்திக் கொன்றால்தான் கதை முடியும். ஆனால் வேல்ஸ்காரருக்கு ஒரு விதிவிலக்கு. ஓர் அரசன் மலையில் கட்டிய கோட்டை இரவுக்கிரவு இடிந்து விழுந்ததாம். தோண்டிப் பார்த்தால் அடியில் ஒரு குளம். அதற்குள் சிவப்பு டிராகனும் வெள்ளை டிராகனும் சண்டை. வந்தேறிகளின் வெள்ளையைச் சிவப்பு துரத்தியது. அதனால் சிவப்பு தங்கள் ஆளாம். நானும் ஒரு வந்தேறிதானே என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த விசயத்தில் என் மனைவிக்குச் சிரிப்புத்தான். மெய் யீ ஹொங்கொங்கில் பிறந்தவள். முதியோர் இல்லச் சமையலறை ஒன்றில் இருவரும் வேலை செய்தபோது பழகி, இங்கேயே பதிவுத் திருமணம் செய்தோம். அவளுடைய டிராகனுக்குச் சிறகே இல்லை. சும்மா முகிலுக்குள் நெளிந்து நெளிந்து பறக்கும். மானின் கொம்பு, கெண்டை மீனின் செதில், கழுகின் நகம், பாம்பின் கழுத்து. நெருப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதன் மூச்சு முகிலாகும், முகில் மழையாகும். வசந்தத்தில் வானத்துக்கு ஏறி, இலையுதிர் காலத்தில் ஆழ்நீருக்குள் இறங்கிவிடும். பொன்மீது படுக்காது, ஒரு முத்தை மட்டும் துரத்திக்கொண்டிருக்கும். அவளுடைய ஊரில் கடலோர மாடிக்கட்டடங்கள் சிலவற்றின் நடுவே பெரிய ஓட்டை விட்டுக் கட்டியிருக்கிறார்களாம். மலையிலிருந்து டிராகன் தண்ணீர் குடிக்கக் கடலுக்குப் போகும் வழி அது என்பார்களாம். அதை அவள் சொன்ன அன்று, அந்த ஓட்டைக்குள்ளால் நீளமாய் ஏதோ ஒன்று போய்க்கொண்டேயிருப்பதாகக் கனவு கண்டேன்.

போன வருடம் அவளை முதன்முதலாக ஊருக்குக் கூட்டிப்போனேன். என் கூடப்பிறந்த சேவியர் அண்ணன் எங்கள் திருமணத்துக்கு ஆசீர்வாதம் சொல்லியிருக்கவில்லை. கோவிலில் கைப்பிடிக்காத கலியாணம் அவருக்குக் கலியாணமில்லை. மெய் யீயை ஏறிட்டும் பார்க்காமல், "உவ சோறு தின்னுவாவோ?" என்று என்னிடம்தான் கேட்பார். அவருடைய புதிய பைபர் வள்ளம் கரையில் வெறும் வெள்ளையாய்க் கிடந்தது. சோளகக் காற்று அடங்கியதும், மிக்கேல் சம்மனசின் திருநாளன்று பாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகு கடலில் இறக்குவதாக இருந்தார். அவர் இயந்திரம் பார்க்க மன்னாருக்குப் போன நேரம், மெய் யீ அந்த வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் டிராகன் வரைந்தாள். முன்முனையில் தாடை சேர, இரண்டு பக்கமும் அதன் உடல் அலைபோல ஓடியது. தாடைக்குக் கீழே ஒரு முத்து. ஒருகாலத்தில் முத்துக் குளித்த கரை இது என்று நான் சொல்லியிருந்தேன். அதை மனதில் வைத்தே வரைந்தாள். அண்ணனுக்குக் கொடுக்க அவளிடம் இருந்ததிலேயே பெரிய மரியாதை அதுதான்.

அண்ணன் வந்தார், பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

"சம்மனசு மிதிச்சு வைச்சிருக்கிற பிசாசை என்ர வள்ளத்தில ஏத்தி விட்டிருக்கிறியளோ? பாதர் எதுக்கு மந்திரிக்கிறது, வள்ளத்துக்கோ உதுக்கோ?"

அது வேறு, இது வேறு, இது மழை தரும், கடலுக்கே ராசா என்று மெய் யீ சொன்னதை நான் மொழிபெயர்த்தேன்.

"மழை தருமெண்டால் காத்தும் தருமோ?"

பொய் சொல்லத் தெரியாதவள் என் மனைவி. மதிக்காவிட்டால் கோபம் வரும், புயலும் வெள்ளமும் வரும் என்றாள். நான் அந்த வசனத்தை விழுங்கியிருக்கலாம்.

"நல்லாய்க் கிடக்கு. நெருப்புக் கக்கினாலும் கடலில நூந்து போகும். இது புயலெல்லோ கக்குது! அப்ப உந்தப் பிசாசை என்ன செய்யிறது, குத்திறதோ?"

"யாரும் குத்தமாட்டார்கள். மரியாதையாக இருந்து சமாளிப்பார்கள்" என்றாள் மெய் யீ.

"நாகதம்பிரானுக்குப் பால் வைக்கிற சனமோ நாங்கள்?" என்று அண்ணன் தறப்பாளை இழுத்து வள்ளத்தை மூடினார். மூடும்போது கை நின்றது. "உதுக்கு ஏன் கண்மணி இல்லை?"

வெண்விழிக்குள் பொட்டு வைத்தால்தான் டிராகன் விழிக்கும், அதை வள்ளத்துக்காரரே வைக்கவேண்டும் என்றாள். கதையும் சொன்னாள். ஓர் ஓவியன் கோவில் சுவரில் நான்கு டிராகன்களைக் கண்ணில்லாமல் வரைந்தானாம். சனம் நச்சரிக்க, இரண்டுக்கு மட்டும் இரு கண்ணிலும் பொட்டு வைத்தான். இடி இடித்து, சுவர் வெடித்து, அந்த இரண்டும் பறந்துவிட்டன. கண்ணில்லாத இரண்டும் சுவரிலேயே இருந்தன. அண்ணன் தறப்பாளின் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

மறுநாள் மெய் யீ கோவிலுக்கு வந்து, சுரூபத்தின் முன் நின்று அழுதாள். ஈட்டி அவளுக்குத் தன் பாட்டன் ஒருவரில் குத்தியிருப்பதுபோல் இருந்ததாம். எனக்கோ அந்த ஈட்டியை நம்பித்தான் இருட்டில் தூக்கம் வந்த காலம் ஒன்று உண்டு. யாருக்காக வருந்துவதென்று தெரியாமல் அவளுக்கும் சம்மனசுக்கும் நடுவே நின்றேன். பின்வரிசை வாங்கில் அண்ணன் இருந்தார். அவள் வெளியே போனதும் சுரூபத்தின் அருகே போய் அந்த வாயையும் சிறகையும் வெகுநேரம் பார்த்தார். "உதுக்குச் செட்டை. அதுக்குச் செதில்" என்று முணுமுணுத்தார். ஆனாலும் திருநாளன்று பழைய வள்ளத்தைத்தான் மந்திரித்தார்கள். புதியது தறப்பாளுக்குள்ளேயே கிடக்க, நாங்கள் விமானம் ஏறினோம். எனக்கு அண்ணன்மீது ஆத்திரமாக இருந்தது.

இங்கே மாரி தொடங்கி, கொடிகள் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்ட ஒரு காலையில் அண்ணன் வீடியோவில் அழைத்தார். கடற்கரையில் நின்றார். பின்னால் புதிய வள்ளம் ஈரமாக, முத்தின்மேல் மீன்செதில் ஒட்டியபடி. இடப்பக்கத்துக் கண்ணில் சிவப்பாய், கொஞ்சம் கோணலாய், ஒரு பொட்டு.

"கொல்லவும் ஏலாது, நம்பவும் ஏலாது, மரியாதையாய்த்தான் போய்வரவேணும் எண்டால் அது கடலெல்லோ. அதைத்தான் நான் சின்னனிலயிருந்து செய்யிறன். பாதரும் தண்ணி தெளிச்சவர். ஈட்டியும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்."

சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தார். அங்கே கண் வெறும் வெள்ளையாகவே இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"ரண்டு கண்ணையும் திறந்தால் பறந்திடுமெண்டு சொன்னியள். எங்கட வீட்டில பறந்தது ஒண்டு போதும்."

பிறகு திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து, முதல்முறையாக அவளையே பார்த்து, "தங்கச்சி, சுகமாய் இருக்கிறியளோ?" என்றார்.

மெய் யீக்குத் தெரிந்த ஒரே பதில், "ஓம்."

பொடியன்கள் வள்ளத்தைத் தள்ளினார்கள். அலையில் ஏறியபோது அது கொஞ்சம் திரும்பியது. கடலைப் பார்த்த பக்கம் விழித்திருந்தது. எங்களைப் பார்த்த பக்கம் தூங்கிக்கொண்டிருந்தது.